வியன் பிரிட்ஜ் அலையியற்றி: ஊமையாக இருந்த சுற்றும் லாரி விளக்கும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என் சுற்று ஊமையாகக் கிடந்தது. தண்டையார்பேட்டை வீட்டு மாடியில், இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளும் டிஎல்072 ஆப்-ஆம்ப்பும் கொண்டு 1.6 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை எடுப்பதுதான் திட்டம். ஆசிலோஸ்கோப்பில் நேர்கோடு மட்டுமே தெரிந்தது.

சுற்று எளியது. வெளியீட்டிலிருந்து பிளஸ் உள்ளீட்டுக்கு R1, C1 தொடராக வருகின்றன. அங்கிருந்து தரைக்கு R2, C2 இணையாக. இரண்டு ரெசிஸ்டர்களும் 10 கிலோ ஓம், இரண்டு கெப்பாசிட்டர்களும் 10 நானோ ஃபாரட். மைனஸ் பக்கம் தரைக்கு 10 கிலோ ஓம். பின்னூட்டத்தில் 18 கிலோ ஓமும், அதற்குத் தொடராக 3.3 கிலோ ஓமும். இந்த 3.3-க்கு இணையாக, எதிரெதிர் திசையில் இரண்டு 1என்4148 டயோடுகள்; அலை வளர்ந்தால் இவை கடத்திப் பெருக்கத்தைக் குறைக்கும். பெருக்கம் 1 + 21.3/10, அதாவது 3.13. புத்தகம் கேட்பது 3. பிறகு ஏன் அலையவில்லை?

அந்த 3 எங்கிருந்து வருகிறது என்று தாளில் போட்டுப் பார்த்தேன். பிரிட்ஜ் திருப்பித் தரும் பங்கு இது:

```
β = 1 / [1 + R1/R2 + C2/C1 + j(ωR1C2 − 1/(ωR2C1))]
```

அலை நிலைக்க வேண்டுமானால், ஒரு சுற்று சுற்றி வரும் குறிப்பலை கட்டம் மாறாமல் திரும்ப வேண்டும். ஆகவே j உறுப்பு சுழியாக வேண்டும். அதிலிருந்து அதிர்வெண் கிடைக்கிறது. மிஞ்சிய பகுதியைப் பெருக்கம் ஈடுகட்ட வேண்டும்:

```
f = 1 / (2π√(R1R2C1C2))
A = 1 + R1/R2 + C2/C1
```

எல்லாம் சமமாக இருந்தால்தான் A = 3. என் கெப்பாசிட்டர்கள் மலிவான செராமிக் வகை. அளந்தேன்: C1 9.1, C2 10.6 நானோ ஃபாரட். ஆக, தேவை 1 + 1 + 1.165 = 3.165. என்னிடம் இருந்ததோ 3.13. ஒரு சதவீதம் போதாமல் சுற்று பேச மறுத்திருக்கிறது!

கெப்பாசிட்டர்களை இடம் மாற்றினேன். சூத்திரப்படி அதிர்வெண் மாறாது, சுமார் 1620 ஹெர்ட்ஸ். தேவையான பெருக்கம் மட்டும் 2.86-க்கு இறங்கும். உடனே அலை வந்தது. ஆனால் இரு பக்கமும் வெட்டுப்பட்டு, ஏறத்தாழ 7.5 வோல்ட்டில் தலை தட்டி நின்றது. டயோடுகள் முழுதாகக் கடத்தினாலும் 18 கிலோ ஓம் மிச்சமிருக்கிறது, பெருக்கம் 2.8-க்குக் கீழே போகாது. 2.86-ஐத் தொட டயோடுகள் மிகப் பெரிய மின்னோட்டத்தைக் கேட்கும். அதற்கு முன்பே ஆப்-ஆம்ப் தன் எல்லையில் முட்டிவிடுகிறது.

எனவே 18, 3.3 இரண்டையும் எடுத்துவிட்டு 15, 10 என்று போட்டேன். கெப்பாசிட்டர்களுக்கும், ஒரு சதவீதத்துக்குள் பொருந்தும் பாலியெஸ்டர் ஜோடியைப் பொறுக்கினேன். தொடக்கப் பெருக்கம் 3.5, சமநிலையில் 10 கிலோ ஓமும் டயோடுகளும் சேர்ந்து 5 கிலோ ஓம்போல் நடக்க வேண்டும். அப்போது டயோடின் மேல் அரை வோல்ட், பாதையில் 0.1 மில்லி ஆம்பியர், வெளியீட்டில் 30 கிலோ ஓம் வழியே சுமார் 3 வோல்ட் உச்சம். ஆசிலோஸ்கோப்பும் கிட்டத்தட்ட அதையே காட்டியது. ஆனால் உச்சிகள் சற்றே மழுங்கியிருந்தன. டயோடு ஒவ்வோர் அரைச் சுற்றிலும் குறுக்கே வந்து அலையை நசுக்குகிறது. அதன் இயல்பு அப்படி.

அடுத்தது விளக்கு. எச்பி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹியூலெட் 1939-இல் ஸ்டான்ஃபோர்டில் செய்த அதே தந்திரம். எங்கள் பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் லாரி டேஷ்போர்டு விளக்கு கேட்டேன். 24 வோல்ட், 1.2 வாட். "தம்பிக்கு லாரி எங்கே இருக்கிறது?" என்று சிரித்துக்கொண்டே இரண்டைக் கொடுத்தார்.

குளிர்ந்த நிலையில் 48 ஓம், 0.9 வோல்ட் கொடுத்தால் 110 ஓம். மைனஸ் பக்கம் தரைக்குப் போகும் 10 கிலோ ஓமுக்குப் பதில் விளக்கை வைத்து, பின்னூட்டத்தில் டயோடுகளை எடுத்துவிட்டு 220 ஓம் மட்டும் போட்டேன். அலை வளர்ந்தால் இழை சூடாகி, மின்தடை ஏறி, பெருக்கம் குறைகிறது; 110 ஓமில் சரியாக 3. வெளியீடு 2.7 வோல்ட் ஆர்எம்எஸ். விளக்கு ஒளிராது, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். உச்சத்தில் 12 மில்லி ஆம்பியர் ஓடுவதால், அதிக மின்னோட்டம் தரும் என்இ5532 ஆப்-ஆம்ப்புக்கு மாறினேன். தொடக்கத்தில் அலை ஒரு துள்ளு துள்ளிவிட்டு அமைகிறது. கனமான லாரி ஒன்று போனபோது பிரெட்போர்டில் விளக்கின் கால் அசைந்து, அதே துள்ளல் மறுபடி வந்தது. பிறகு கால்களைப் பற்றவைத்துவிட்டேன்.

இப்போது உச்சியில் மழுங்கல் கண்ணுக்குத் தெரியவில்லை. இழை மெதுவாகச் சூடாகிறது, 1.6 கிலோஹெர்ட்ஸ் அலையின் ஒவ்வோர் ஏற்றத்தையும் அதனால் பின்தொடர முடியாது, சராசரியை மட்டுமே உணர்கிறது. பேராசையில் 100 கிலோ ஓமும் 1 மைக்ரோ ஃபாரட்டும் போட்டு 1.6 ஹெர்ட்ஸுக்கு இறங்கினேன். அங்கே இழைக்கு அரைச் சுற்றுக்குள்ளேயே சூடாறி நிற்க நேரம் கிடைத்துவிட்டது. உச்சிகள் டயோடு காலத்தைவிட மோசமாக வளைந்தன. அந்த மெதுவான அலைக்கு டயோடுகளையே திரும்பப் போட்டிருக்கிறேன்.