பழைய மேக்புக்கில் சோனோமா: ஏற்றியது பெரிசில்லை, அப்டேட்தான் பாடு

தக்கலையில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். 2015 மாடல் 13 இஞ்ச் மேக்புக் புரோதான் பிழைப்பு. ஆப்பிள் இதற்குக் கொடுத்த கடைசி சிஸ்டம் மான்டரே. அதற்கும் 2024 ஜூலையோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. எடிட்டிங் மென்பொருளின் புதிய பதிப்பு மான்டரேயில் ஏறவே மாட்டேன் என்றது. மார்த்தாண்டத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன்தான், ஆப்பிள் கைவிட்ட மேக்கிலும் புது சிஸ்டத்தை ஏற்ற உதவும் ஓப்பன்கோர் லெகசி பேட்சரைச் சொன்னார். "போட்டுப் பாரு மக்கா, ஆனா கல்யாண சீசன்ல தொட்டுராத."

முதலில் டைம் மெஷினில் முழு பேக்கப் எடுத்தேன். பிறகு பேட்சர் மூலமாகவே, மான்டரேக்குப் பின் வந்த சிஸ்டமான சோனோமாவை இறக்கி, 32 ஜிபி பென் டிரைவில் இன்ஸ்டாலர் தயாரித்து, அதே டிரைவில் `Build and Install OpenCore` கொடுத்தேன். மெஷினை ஆன் செய்யும்போது ஆப்ஷன் கீயை அழுத்திப் பிடித்து `EFI Boot` வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். இன்ஸ்டால் நடுவில் மெஷின் பல முறை ரீஸ்டார்ட் ஆகும், ஒவ்வொரு முறையும் அதே வழிதான். தவறினால் திரையில் வட்டத்துக்குள் குறுக்குக்கோடு வந்து நிற்கும். முடிந்ததும் ஓப்பன்கோரை உள் டிஸ்க்கிலும் போட்டால் பென் டிரைவ் தேவையில்லை.

முதல் தடவை டெஸ்க்டாப் வந்தபோது ஜன்னல்கள் ஆமை மாதிரி நகர்ந்தன, வைஃபையும் இல்லை. காரணம் இருக்கிறது. இந்த மெஷினின் கிராபிக்ஸ் டிரைவரை மான்டரேக்கு அடுத்து வந்த வென்டுராவிலும், வைஃபை டிரைவரை அதற்கும் அடுத்த சோனோமாவிலும் ஆப்பிள் எடுத்துவிட்டது. `Post-Install Root Patch` அவற்றைத் திரும்ப சிஸ்டத்துக்குள் வைக்கிறது. வைத்து ரீஸ்டார்ட் செய்ததும் எல்லாம் சரியானது.

ஆனால் அந்தச் சிஸ்டம் பகுதி ஆப்பிள் முத்திரை போட்டு மூடியது. பேட்ச் போட முத்திரையை உடைக்க வேண்டும், பாதுகாப்பு அமைப்பின் ஒரு பகுதியைத் தளர்த்தவும் வேண்டும். டெர்மினலில் பார்த்தால் தெரியும்:

```
csrutil status
System Integrity Protection status: unknown (Custom Configuration).
```

அதன் விளைவு ஒவ்வொரு அப்டேட்டிலும் வரும். முத்திரை உடைந்ததால் சின்ன அப்டேட்டுக்குக்கூட முழு சிஸ்டமும், அதாவது பத்து ஜிபிக்கு மேல், இறங்குகிறது. புதிய சிஸ்டம் உட்கார்ந்ததும் பழைய பேட்ச் போய்விடும். மறுபடி வைஃபை இல்லை, ஜன்னல் இழுக்கும். பேட்சைத் திரும்பப் போட்டால் சரிதான். ஆனால் சில மாடல்களில் பேட்சர் அதற்கே நெட்டிலிருந்து கோப்பு கேட்கும். இந்த மெஷினில் ஈதர்நெட் போர்ட்டும் கிடையாது, அதனால் ஒரு யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டரைப் பையிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.

தானாக அப்டேட் இறங்குவதை முதல் நாளே நிறுத்திவிட்டேன். புது அப்டேட் வந்தால், அது பேட்சரோடு ஒத்துப்போகிறதா என்று மற்றவர்கள் போட்டுச் சொல்லும்வரை காத்திருக்கிறேன். பாதுகாப்பு ஓட்டை திறந்திருக்கும் நாட்கள் அவை. எனவே பேங்க் வேலை இந்த மெஷினில் கிடையாது, எடிட்டிங் மட்டும்தான். ஆவணி முகூர்த்தம் முடியும்வரை அப்டேட் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.