மூன்று ஊர், ஒரே பாட்டு: 380 மில்லிசெகண்டைப் பிடித்த கதை

நாங்கள் மூன்று பேர், மூன்று ஊர். வாரம் ஒருநாள் இரவு போன் அழைப்பில் சேர்ந்துகொண்டு ஒரு ஆல்பத்தை முழுதாகக் கேட்பது என்று முடிவு செய்தோம்.

முதலில் என் லேப்டாப்பில் ஐஸ்காஸ்ட் சர்வர் வைத்து நான் ஒலிபரப்பினேன். பாட்டு நன்றாகவே வந்தது. ஆனால் ஒருவன் "ஆகா" என்ற இடம் எனக்கு நாலைந்து விநாடி கழித்துத்தான் வந்தது. ஐஸ்காஸ்ட், புதிதாக இணைபவருக்கு உடனே பாட்டு கேட்கட்டும் என்று முதலிலேயே 64 கிலோபைட் வரை மொத்தமாக அனுப்பிவிடும். 128 கேபிபிஎஸ் ஓடையில் அது சுமார் 4 விநாடிப் பாட்டு. அதன்மேல் ஒவ்வொரு பிளேயரும் தன் பங்குக்கு எவ்வளவு சேர்த்து வைத்துக்கொள்ளும் என்பது வேறு. ரேடியோவுக்கு அது போதும், எங்களுக்குப் போதாது.

அப்புறம் வழியை மாற்றினோம். ஒரே கோப்பை மூவரும் இறக்கி வைத்துக்கொண்டு, ஒரே கடிகார நேரத்தில் ஓடவிடுவது. "ஒன்று, இரண்டு, மூன்று" என்று போனில் எண்ணினால் அழைப்பின் தாமதமும் கூடவே சேர்ந்துவிடும். அதனால் மூவரின் லினக்ஸ் லேப்டாப்பிலும் இது:

```
T=$(date -d '21:30' +%s)
sleep $(echo "$T - $(date +%s.%N)" | bc)
mpv paattu.flac
```

முதல் முறை தோழி மூன்று விநாடி பின்னால் இருந்தாள். `timedatectl` போட்டுப் பார்த்தால் `System clock synchronized: no`. இணைய நேரத்தோடு ஒத்திசைவை இயக்கியதும் அது தீர்ந்தது. ஆனால் நண்பன் இன்னும் கொஞ்சம் பின்தங்குவதாகத் தோன்றியது. எவ்வளவு என்று காதால் சொல்ல முடியவில்லை. அவன் குரலே தாமதமாகத்தானே வருகிறது?

அளக்க ஒரு வழி செய்தோம். 2 விநாடிக்கு ஒருமுறை ஒலிக்கும் மெட்ரோனோம் 'டிக்'கை வைத்துப் பார்த்தபோது, அழைப்பின் இரைச்சல் குறைப்பு அதை இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிட்டது. சரி, குரலை விழுங்காது என்று "பத்து, பத்து" என்று நானே பேசிப் பதிவு செய்தேன். 'ப' உதடு பிரிந்து வெடிக்கும் ஒலி என்பதால் அலை வரைபடத்தில் அதன் தொடக்கம் செங்குத்தாகத் தெரிகிறது. அந்தக் கோப்பை மூவரும் ஓடவிட்டோம்.

நண்பன் தன் இயர்போனைப் போனின் மைக்கில் ஒட்டிப் பிடித்தான். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு, என் இயர்போனோடு லேப்டாப் மைக் பக்கத்தில் வைத்து, ஆடாசிட்டியில் பதிந்தேன். என் "பத்து"வுக்கு 620 மில்லிசெகண்ட் கழித்து அவனுடையது வந்தது. பிறகு அதையே அவன் பக்கத்தில் செய்தான். அங்கே என் "பத்து" அவனுடையதற்கு 140 முன்னால் கேட்டது.

இரண்டையும் சேர்த்தால் விடை வந்துவிடும். எனக்குக் கேட்பது அவன் பின்தங்கலும் அழைப்பின் தாமதமும் சேர்ந்தது: 620. அவனுக்குக் கேட்பது அழைப்பின் தாமதத்திலிருந்து பின்தங்கலைக் கழித்தது: மைனஸ் 140. வித்தியாசத்தில் பாதி 380, அதுதான் உண்மையான பின்தங்கல். கூட்டலில் பாதி 240, அது அழைப்பின் தாமதம். இரு திசையிலும் தாமதம் சமம் என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. சமமில்லை என்றால், அந்த வித்தியாசத்தில் பாதி பிழையாகச் சேரும்.

380 எங்கிருந்து வந்தது? அவன் காதில் இருந்தது புளூடூத். வயருள்ள இயர்போன் மாட்டி மறுபடி அளந்தோம்: என் பக்கத்தில் அவன் "பத்து" 400 பின்னால், அவன் பக்கத்தில் என்னுடையது 80 பின்னால். பின்தங்கல் 160. அப்படியென்றால் புளூடூத் மட்டும் 220 தின்றிருக்கிறது. மிச்சம் 160 அவன் லேப்டாப்பில் பிளேயர் திறக்க ஆகும் நேரம் என்று நினைக்கிறேன். அதைத் தேடிக்கொண்டிருக்காமல், அவன் பக்கம் மட்டும் பாட்டைக் கொஞ்சம் உள்ளிருந்து தொடங்கவைத்தோம்:

```
mpv --start=0.16 paattu.flac
```

மூன்று முறை அளந்ததில் 30 மில்லிசெகண்டைத் தாண்டவில்லை. முதலில் `--audio-delay` போட்டு அரைமணி நேரம் வீணாக்கினேன். அது படத்தோடு ஒலியைப் பொருத்தத்தான், வெறும் பாட்டில் அதற்கு வேலையில்லை.

45 நிமிட ஆல்பத்தின் முடிவில் மறுபடி ஒரு விலகல் தெரிந்தது. ஒவ்வொரு லேப்டாப்பின் ஒலிச் சில்லும் தன் கடிகாரத்தில் ஓடுகிறது. பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபட்டாலே 45 நிமிடத்தில் 135 மில்லிசெகண்ட். இப்போது நடுவில் ஒருமுறை நிறுத்தி, புது நேரம் குறித்து மீண்டும் தொடங்குகிறோம். அதற்குமேல் நான் துரத்தவில்லை. எப்படியும் "ஆகா" கால் விநாடி கழித்துத்தான் வந்து சேரும்.

தோழிக்கு இன்னும் அளக்கவில்லை. அவள் புளூடூத்தை விடமாட்டேன் என்கிறாள், அதனால் அவள் எண் 0.16-ஐ விடப் பெரிதாகத்தான் இருக்கும்.