புகையின் நுனி

காலையில் பக்கத்து வீட்டு அக்கா வெந்நீர் அடுப்பு மூட்டினார். புளியமரத்தின் முன்னால் புகை நீலமாகத் தெரிந்தது. மரத்தைத் தாண்டி வெளுத்த வானத்துக்கு வந்ததும் அதே புகை பழுப்பாகிவிட்டது.

நேற்று நான் வரைந்த வாட்டர்கலர் படத்தில் அடி முதல் நுனி வரை வெள்ளைதான். ஓரமோ கத்தரித்து ஒட்டியது போல.

சரி என்று மறுபடி உட்கார்ந்தேன்.

வானமும் மரமும் பூசிவிட்டு, தாளின் பளபளப்பு அடங்கும்வரை காத்திருந்தேன். கழுவிப் பிழிந்த தூரிகையால் மரத்தின்மேல் நிறத்தை ஒற்றி எடுத்தேன். ஒவ்வொரு முறையும் துணியில் துடைத்தாக வேண்டும். தூரிகையில் தண்ணீர் மிஞ்சினால் காலிஃபிளவர் மாதிரி ஓரம் கட்டிவிடும்.

மேலே, இன்னும் ஈரமாயிருந்த வானத்தில், தண்ணீர் குறைத்துக் கொஞ்சம் பழுப்பு வைத்தேன். அப்புறம் தொடவே இல்லை.

புகை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று வரைந்த எனக்கே தெரியவில்லை.