ஏழாவது படமும் H விசையும்

ஏரிப் பாசனத்தைப் பற்றி ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் எழுதிய புத்தகத்துக்குப் பல வருடங்களுக்கு முன் நான்தான் பக்கம் வடிவமைத்தேன். 184 பக்கம், 41 படங்கள். அச்சுப் பிரதிகள் தீர்ந்த பிறகு, அவர் சம்மதத்தோடு, கேட்டவர்களுக்கெல்லாம் பிடிஎஃப் அனுப்பிக்கொண்டிருந்தேன். அப்படிக் கேட்டவர்களில் ஒருவர், வரலாறு முதுகலை படிக்கும் பார்வையற்ற தம்பி. மறுநாளே கூப்பிட்டார்.

"அண்ணா, புத்தகம் முழுக்க ஜே கே பி ஓ செமிகோலன்னே வருது."

வெட்கமாகிவிட்டது. புத்தகம் பாமினி எழுத்துருவில் இருந்தது. அதில் திரையில் "தமிழ்" என்று தெரிவது உள்ளே `jkpo;` என்றுதான் சேமிக்கப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்துகளின் குவியல். கோப்பை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். ஒழுங்கான இபப் மின்னூல் செய்து தருகிறேன் என்று அப்போது சொன்னேன். ஒரு வாரம் என்று நினைத்தது இரண்டு மாதம் இழுத்தது.

யூனிகோடுக்கு மாற்றுவது ஐந்து நிமிட வேலை, மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு கிளம்பியவைதான் பூதங்கள். தட்டச்சு செய்தவர் பல இடங்களில் துணைக்காலுக்குப் பதில் "ர" அடித்திருந்தார். அச்சில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்ததால் மெய்ப்புப் பார்த்த யார் கண்ணிலும் படவில்லை. இப்போது "கோயில்" எல்லாம் "கேரயில்" ஆகியிருந்தது. பின்னிணைப்பைப் பொறியாளர் ஐயா செல்பேசியில் அடித்து அனுப்பியிருந்தார். அதில் "என்று" என்பதன் முதலெழுத்து பாதி இடங்களில் எகரமே இல்லை, ஏழு என்ற தமிழ் எண்ணான "௭". பார்வைக்கு வித்தியாசமே கிடையாது. தம்பியின் காதில் மட்டும் "ஏழு ன்று" என்று விழும். உகரத்துக்கும் "௨"வுக்கும், ககரத்துக்கும் "௧"வுக்கும் இதே கதை. இபப் திருத்தும் சிகில் மென்பொருளின் தேடல் பெட்டியில் ரெஜெக்ஸ் முறையைத் தேர்ந்துகொண்டு இதைத் தேடினேன்:

```
[௧௨௭]
```

கிடைத்ததை எல்லாம் ஒரேயடியாக மாற்றிவிடவும் முடியாது. கல்வெட்டு வாசகங்களில் உண்மையாகவே தமிழ் எண்கள் இருந்தன, ஆகவே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். "ஒளவை" என்று ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து அடித்திருந்ததும் அப்படித்தான். "ஒள" என்று தேடினால் "ஒளி"யும் கூடவே வந்து நிற்கும்.

அடுத்து, மொழிக் குறிப்பு. வேர்டிலிருந்து வந்த கோப்பில் ஒவ்வொரு அத்தியாயமும் தன்னை அமெரிக்க ஆங்கிலம் என்று அறிவித்துக்கொண்டிருந்தது. திரைவாசிப்பான் அதை நம்பி ஆங்கிலக் குரலுக்கு மாறினால், தமிழ் அந்தக் குரலின் வாயில் சிக்கிச் சீரழியும். இரண்டே திருத்தம்: `content.opf` கோப்பில் ஒன்று, ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் ஒன்று.

```
<dc:language>ta</dc:language>
<html lang="ta" xml:lang="ta" ...>
```

தலைப்புகளுக்கு வருகிறேன். நான் இருபது வருடமாகத் தலைப்பு போட்டுவந்த விதம் எளிமையானது: எழுத்தை 16 அளவாக்கு, தடிமனாக்கு, நடுவில் வை. முதல் இபப்பும் அப்படியே போனது. தம்பி தோரியம் என்ற மின்னூல் செயலியில் திறந்து, என்விடிஏ திரைவாசிப்பானில் H விசையை அழுத்தியிருக்கிறார். அடுத்த தலைப்பு இல்லை என்று சொல்லிவிட்டது. 30 பக்க அத்தியாயம் ஒன்றில் "கலிங்கு" பகுதிக்குப் போக, முதலிலிருந்து கீழ் அம்புவிசையைத் தட்டிக்கொண்டே போயிருக்கிறார். பெரிய எழுத்து என்பது அவருக்கு வெறும் எழுத்துதான். "இது தலைப்பு, இரண்டாம் நிலைத் தலைப்பு" என்று கோப்புக்குள் சொல்லியிருந்தால்தான் H விசை அங்கே போய் நிற்கும். 1, 2, 3 என்ற எண் விசைகள் அந்தந்த நிலைத் தலைப்புக்கு மட்டும் தாவும்.

சரி என்று வேர்டுக்குத் திரும்பிப்போய் ஹெட்டிங் ஸ்டைல்களைப் போட்டேன். இந்தத் தடவை எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டேன். பார்வைக்குத் தலைப்புபோல இருந்ததையெல்லாம் தலைப்பாக்கினேன். நடுவில் தடிமனாக இருந்த கல்வெட்டு வரிகளும் தலைப்பு, படத்தின் கீழ்க்குறிப்பும் தலைப்பு. போதாததற்கு, இரண்டாம் நிலை எழுத்து பெரிதாகத் தெரிகிறது என்று அத்தியாயத் தலைப்புக்கு அடுத்து நேரே மூன்றாம் நிலையைப் போட்டுவைத்தேன். தம்பி சிரித்துக்கொண்டே கேட்டார்: "அண்ணா, மூணாம் நிலைனா ரெண்டாம் நிலைக்குள்ள இருக்கணும்ல? அந்த ரெண்டாம் நிலையத் தேடி மேலயும் கீழயும் அலைஞ்சேன்." எழுத்தின் அளவு, தோற்றத்தைக் கவனிக்கும் சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். நிலை என்பது எது எதற்குள் அடங்குகிறது என்பதைச் சொல்வது. அத்தியாயம் ஒன்றாம் நிலை, "மதகு", "கலிங்கு" போன்ற பகுதிகள் இரண்டு, அவற்றின் உட்பிரிவுகள் மூன்று. அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

தலைப்புகள் சரியானதும் பொருளடக்கம் தானாகவே சரியானது. சிகில் அவற்றிலிருந்தே `nav.xhtml` கோப்பை எழுதிவிடுகிறது. அச்சுக்காக நான் கையால் அடித்திருந்த, புள்ளி வரிசை போட்ட பழைய பொருளடக்கத்தை எடுத்துவிட்டேன். ஒன்றைப் பிறகுதான் புரிந்துகொண்டேன்: எங்கள் இபப்பில் ஒவ்வொரு அத்தியாயமும் தனிக் கோப்பு. H விசை திறந்திருக்கும் அத்தியாயத்துக்குள்தான் தாவியது. அத்தியாயம் விட்டு அத்தியாயம் போகப் பொருளடக்கமே வழி. அதனால் பொருளடக்கத்தில் இரண்டாம் நிலைத் தலைப்புகளையும் சேர்த்தே வைத்தேன்.

பக்க எண்ணை நான் யோசித்திருக்கவே இல்லை. "வகுப்புல 112ஆம் பக்கம் எடுங்கனு சொன்னா நான் என்ன பண்றது?" என்றார் தம்பி. அச்சுப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கம் தொடங்கும் இடத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி வைத்தேன்.

```
<span epub:type="pagebreak" role="doc-pagebreak"
      id="p112" aria-label="112"></span>
```

இந்தக் குறிகளின் பட்டியலை `nav.xhtml` கோப்பில் `page-list` என்ற பெயரில் கொடுத்தால், பக்க எண்ணைச் சொல்லி அங்கே போகலாம். அலுப்பான வேலை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயின.

படங்கள்தான் மிச்சக் காலத்தை விழுங்கின. 41 படங்களில் 9 வெறும் அலங்காரம்: அத்தியாய முடிவில் வரும் தாமரை, ஓரக் கோடுகள். படத்துக்குப் பதில் வாசிக்கப்படும் மாற்றுரையை அவற்றுக்கு `alt=""` என்று காலியாக விட்டேன். காலியாக விடுவது வேறு, `alt` என்பதையே எழுதாமல் விடுவது வேறு. எழுதாமல் விட்டால் சில செயலிகள் கோப்பின் பெயரை எழுத்தெழுத்தாக வாசிக்கும். ஏரிகளின் பரப்பைக் காட்டிய அட்டவணை ஒன்றும் படமாக இருந்தது. அதற்கு விளக்கம் எழுதுவது வீண், உண்மையான அட்டவணையாகவே மறுபடி அடித்தேன்.

என்னை ஆட்டிவைத்தது ஏழாவது படம், ஏரி நீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் குமிழித் தூம்பின் குறுக்குவெட்டு. ஏரிக்குள் இருக்கும் கல்தொட்டி, கரையின் அடியில் போகும் சுரங்கம், வெளியே வாய்க்கால், ஆங்காங்கே எழுத்துக் குறிகள்.

முதலில் நான் எழுதிய மாற்றுரை: "குமிழித் தூம்பின் குறுக்குவெட்டுத் தோற்றம்." படத்தின் கீழ்க்குறிப்பும் அதேதான். ஆக, தம்பி ஒரே வாக்கியத்தை இரண்டு தடவை கேட்டார், படம் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை.

ரோஷத்தில் அடுத்ததை 150 சொல்லுக்கு எழுதினேன். "படத்தின் இடதுபுறம் நீல நிறத்தில் நீர். வலதுபுறம் பழுப்பு நிறத்தில் கரை. நடுவில் செவ்வகம். செவ்வகத்தின் மேல் இரண்டு செங்குத்துக் கோடுகள்..." மாற்றுரைக்குள் பத்தி பிரிக்க முடியாது. முழுவதும் ஒரே மூச்சில் கொட்டும், நடுவில் பிடி நழுவினால் மறுபடி முதலிலிருந்து. அதைவிடப் பெரிய கோளாறு வேறு. என் கண் போன வரிசையில் எழுதியிருந்தேன். இடது, வலது, நீலம், பழுப்பு எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. "தண்ணி எது வழியா உள்ள போகுது, எது வழியா வெளிய வருது? அதச் சொல்லுங்கண்ணா போதும்" என்றார்.

தண்ணீர் போகும் வரிசையில் எழுத உட்கார்ந்தபோதுதான், படம் எனக்கே புரியவில்லை என்பது புரிந்தது. தொட்டியின் கீழ்ப்பக்கம் இருந்த சிறு துளைகள் எதற்கு? ஐயாவிடம் போன் போட்டுக் கேட்டேன். அவை சேறோடித் துளைகள், அடியில் படியும் வண்டல் அவற்றின் வழியாகத் தண்ணீரோடு சேர்ந்து வெளியேறும் என்றார். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் வெளிவந்தது. பாடத்தில் "ஆ எனக் குறித்த இடம்" என்று இருக்கிறது, படத்தில் ஆ என்ற குறியே இல்லை. இத்தனை வருடம் ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியில் மாற்றுரையைச் சுருக்கி, விரிவான விளக்கத்தைப் படத்தின் கீழே, விரித்துப் படிக்கும்படி வைத்தேன்.

```
<img src="../Images/thoombu.png"
  alt="குமிழித் தூம்பின் குறுக்குவெட்டு வரைபடம். விளக்கம் கீழே." />
<details>
  <summary>படம் 7: விளக்கம்</summary>
  <p>...</p>
</details>
```

விளக்கம் இப்படித் தொடங்குகிறது: "ஏரிக்குள், கரையிலிருந்து சற்றுத் தள்ளி, தரையோடு ஒட்டி ஒரு கல்தொட்டி இருக்கிறது. அதன் மேல்மூடியில் ஒரு துளை. அந்தத் துளையைக் குமிழ் வடிவக் கல் அடைத்திருக்கிறது. குமிழைத் தூக்கினால் நீர் மேல்துளை வழியாகத் தொட்டிக்குள் இறங்கும். தொட்டியின் அடியில், பக்கவாட்டில் உள்ள சிறு துளைகள் வழியாக வண்டல் கலந்த நீர் நுழையும். இரண்டும் சேர்ந்து கரைக்கு அடியில் போகும் சுரங்கத்தின் வழியே வெளியே வாய்க்காலில் விழும்." ஒவ்வொரு வாக்கியத்திலும் முந்தைய வாக்கியத்தில் வந்த ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொள்ள இடம் வைத்தேன். நிறம் ஒன்றுகூட இல்லை.

புகைப்படங்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. அந்தப் படம் அந்தப் பத்தியில் எதற்காக நிற்கிறது என்று கேட்டுக்கொண்டால் போதும். வாய்க்காலில் நிற்கும் நீர்பாய்ச்சியின் படத்துக்கு "முதியவர் ஒருவர் நிற்கிறார்" என்று எழுதியிருந்தேன். பத்தியோ நீர்மட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. "மண்வெட்டியோடு வாய்க்காலில் நிற்கும் நீர்பாய்ச்சி. நீர் அவர் கணுக்கால்வரை" என்று மாற்றினேன். அவர் சட்டையின் நிறம் அந்த இடத்தில் யாருக்கும் தேவையில்லை.

எல்லாம் முடித்து டெய்சி கூட்டமைப்பின் ஏஸ் சோதனைக் கருவியில் ஓட்டினேன். விடுபட்ட மாற்றுரை, மொழிக் குறிப்பு, அணுகல்தன்மை பற்றிய மேல்தரவு எல்லாவற்றையும் அது பிடிக்கும். `content.opf` கோப்பில் `schema:accessMode` முதலான வரிகளை நான் சேர்த்ததே அது திட்டிய பிறகுதான். ஆனால் 41 படத்துக்கும் "படம்" என்று எழுதிவைத்தாலும் கருவி வாயைத் திறக்காது. "கேரயில்" அதன் கண்ணில் படவே படாது. பிழை எதுவும் இல்லை என்று அது சொன்ன கோப்பில்தான் தம்பி மேலும் 14 பிழை சொன்னார்.

கல்வெட்டுப் பகுதியை இன்றுவரை முழுதாகத் தீர்க்கவில்லை. கிரந்த எழுத்துகள் கலந்த வரிகளைக் கணினிக் குரல் தடுமாறித்தான் வாசிக்கிறது. வரியை அப்படியே விட்டு, அடுத்த பத்தியில் இன்றைய தமிழில் பொருளைக் கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் தம்பி மறுபடி கூப்பிட்டார். இன்னொரு பிழை என்று நினைத்துப் பேனாவை எடுத்தேன்.

"ஏழாவது படம் படிச்சேண்ணா. ஏரி நிறைஞ்சிருக்கும்போது குமிழைத் தூக்கறதுக்கு ஆள் எப்படிப் போவார்?"

புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. ஐயாவிடம் கேட்டேன். "நீந்தித்தான்" என்றார். அதற்கு ஒரு பத்தி எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "ஆ" குறியோடு படமும் வரும்.