அம்மாவுக்கு நீளம் 5: தமிழ்ச் சரங்கள் பற்றிச் செய்முறைத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

முடிவு வந்துவிட்டது. மொழித் தொழில்நுட்ப விருப்பப் பாடத்தில் நல்ல மதிப்பெண். நிம்மதிதான், ஆனால் முழு நிம்மதி இல்லை. எங்கள் வகுப்பில் என்னைவிட வேகமாக நிரல் எழுதக்கூடிய மூன்று பேருக்கு, தமிழ்ச் சரம் பற்றிய ஒரே கேள்வியில் பாதி மதிப்பெண் போய்விட்டது. அவர்களுக்குப் பைத்தான் தெரியும், தமிழும் தெரியும். இரண்டும் சேரும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை என்பதுதான் எனக்குக் கோபம். அடுத்த ஆண்டு எழுதுகிறவர்களுக்காக அந்த இடத்தை மட்டும் இங்கே எழுதுகிறேன். மற்றவை உங்கள் ரெக்கார்டு நோட்டிலேயே இருக்கின்றன.

முதலில் என் ஒரே மந்திரம். தமிழ்ச் சரம் கையில் வந்தால் `len` போடாதீர்கள், `list` போடுங்கள்.

```python
print(list("அம்மா"))
# ['அ', 'ம', '்', 'ம', 'ா']
```

பதில் உங்கள் கண்முன்னே இருக்கிறது. நாம் அ, ம், மா என்று மூன்று எழுத்து எண்ணுகிறோம். பைத்தான் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து எண்ணுகிறது. அது எண்ணுவது எழுத்தை அல்ல, யூனிகோட் கொடுத்த எண்களை. அந்த எண் ஒவ்வொன்றும் ஒரு கோட் பாயின்ட். புள்ளிக்கு U+0BCD, காலுக்கு U+0BBE என்று தனித்தனி எண் இருப்பதால், அவை தனித்தனி உறுப்பாக எண்ணிக்கையில் ஏறிக்கொள்கின்றன.

இதை மனப்பாடம் செய்தால் போதாது. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் என்னிடம் `len` பற்றிக் கேட்கவே இல்லை. "க் பெரியதா, க பெரியதா, சொல்லம்மா" என்று கேட்டார். "இலக்கணத்தில் க பெரியது, ஐயா. யூனிகோடில் க் பெரியது" என்றேன். தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

அந்தப் பதிலில்தான் முழு விஷயமும் இருக்கிறது. நமக்குப் பள்ளியில் க் என்பது அடிப்படை, அதனுடன் அ சேர்ந்தால் க என்று சொல்லிக்கொடுத்தார்கள். யூனிகோடில் வரிசை தலைகீழ். அங்கே அகரம் ஏறிய க தான் அடிப்படை, அதற்கு எண் U+0B95. அந்த அகரத்தை நீக்க வேண்டுமானால் பின்னால் புள்ளியைச் சேர்க்க வேண்டும். ஆகவே க ஒரு கோட் பாயின்ட், க் இரண்டு. கா, கி முதல் கௌ வரை எல்லாமே இரண்டு. 247 எழுத்துகளில் உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18 ஆக 31 மட்டுமே ஒற்றைக் கோட் பாயின்ட். மீதமுள்ள 216 எழுத்துகளும் குறைந்தது இரண்டு. தமிழ்ச் சொல்லின் நீளம் ஏறக்குறைய எப்போதும் கூடுதலாக வருவதற்கு இதுதான் காரணம்.

தேர்வுக்கு முன் தாளில் கையால் பிரித்துப் பாருங்கள். எனக்குத் திரையைவிடத் தாள்தான் கைகொடுத்தது.

- தமிழ்: எழுத்து 3, கோட் பாயின்ட் 5
- அஃது: எழுத்து 3, கோட் பாயின்ட் 4 (ஆய்தம் தனி எழுத்து, குறி அல்ல)
- கொக்கு: எழுத்து 3, கோட் பாயின்ட் 6
- கடக: எழுத்து 3, கோட் பாயின்ட் 3

கடைசிச் சொல்லை நன்றாகப் பாருங்கள். எங்கள் வினாத்தாளில் பலரைக் கவிழ்த்தது அதுதான். கேள்வி, ஒரு தமிழ்ச் சொல் இருவழியும் ஒக்குமா என்று சோதிக்கும் நிரல். எடுத்துக்காட்டாகக் கொடுத்திருந்த சொல் கடக. வழக்கமான `s == s[::-1]` அதற்கு `True` என்று சொல்லிவிடும், ஏனென்றால் அதில் புள்ளியும் இல்லை, துணைக்குறியும் இல்லை. எல்லோரும் வெளியீட்டைப் பார்த்து மகிழ்ந்து கையை உயர்த்தினார்கள். மதிப்பிடுபவர் உள்ளிட்ட சொல் விகடகவி.

விகடகவியைக் கோட் பாயின்டாகப் பிரித்தால் வ, ி, க, ட, க, வ, ி என்று ஏழு. திருப்பினால் ி, வ, க, ட, க, ி, வ. முதல் இடத்திலேயே வகரத்துக்குப் பதில் இகரக் குறி நிற்கிறது, ஆகவே `False`. தமிழில் எல்லோருக்கும் தெரிந்த இருவழியொக்கும் சொல்லையே நிரல் மறுத்துவிட்டது. தமிழ் என்ற சொல்லைத் திருப்பினால் இன்னும் தெளிவாகத் தெரியும். புள்ளி அநாதையாக முன்னால் வந்து புள்ளிக்கோட்டு வட்டத்தின்மேல் நிற்கும், மகரத்தின் இகரக் குறி ழகரத்தில் ஒட்டிக்கொண்டு ழி ஆகிவிடும். வெளியீட்டில் அந்தப் புள்ளிக்கோட்டு வட்டத்தைக் கண்டால், எங்கோ எழுத்தின் நடுவில் வெட்டியிருக்கிறீர்கள் என்று பொருள். `s[:3]` போன்ற வெட்டல்களிலும் இதே கதைதான்.

தீர்வு, முதலில் சரத்தை எழுத்துகளின் பட்டியலாக்குவது. பிறகு எண்ணுவதோ திருப்புவதோ அந்தப் பட்டியலில்தான்.

```python
import unicodedata as u

def ezhuthu(s):
    out = []
    for ch in u.normalize("NFC", s):
        if out and u.category(ch) in ("Mn", "Mc"):
            out[-1] += ch
        else:
            out.append(ch)
    return out

e = ezhuthu("விகடகவி")
print(len(e), e == e[::-1])   # 5 True
```

யூனிகோட் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வகை கொடுத்திருக்கிறது. க, அ, ஃ எல்லாம் `Lo`, அதாவது எழுத்து. புள்ளியும் துணைக்குறிகளும் `Mn` அல்லது `Mc`, அதாவது ஒட்டுக்குறி. ஒட்டுக்குறி வந்தால் முந்தைய எழுத்துடன் ஒட்டு, இல்லையென்றால் புது எழுத்து தொடங்கு. இவ்வளவுதான். தமிழின் துணைக்குறிகளில் ஈகாரக் குறியும் புள்ளியும் `Mn`, மற்றவை `Mc`. ஆகவே ஒன்றை மட்டும் சோதித்தால் சில சொற்களுக்குச் சரியாகவும் சில சொற்களுக்குத் தவறாகவும் வரும், காரணம் புரியாமல் நேரம் போகும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. `u.combining(ch)` என்ற செயற்கூறு, பெயரைப் பார்த்தால் இந்த வேலைக்கே செய்ததுபோல் இருக்கும். தமிழில் அது புள்ளிக்கு 9 தரும், கால், இகரக் குறி, ஒற்றைக்கொம்பு எல்லாவற்றுக்கும் 0 தரும். அதை நம்பி வடிகட்டினால் அம்மாவுக்கு விடை 4 வரும். 3-உம் இல்லை, 5-உம் இல்லை. விடை இப்படி நடுவில் நின்றால் உடனே `category`-க்கு மாறிவிடுங்கள்.

இதே காரணத்தால் தேர்வில் தொடக்கூடாதவை:

- `isalpha()`: தமிழ் என்ற சொல்லுக்கு `False` தரும், ஒட்டுக்குறியை அது எழுத்தாக ஏற்பதில்லை.
- `re` தொகுப்பின் `\w+`: தமிழ் என்பதைத் தம, ழ என்று இரண்டு துண்டாக்கும். சொற்களை எண்ண `split()` போதும்.

இனி `normalize` வரிக்கு வருகிறேன். பலர் அதை அலங்காரம் என்று விட்டுவிடுகிறார்கள். கொக்கு என்பதில் உள்ள கொ, இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம். க-வுக்குப் பின் ொ என்ற ஒரே குறி U+0BCA ஆக வரலாம், அல்லது ெ, ா என்ற இரண்டு குறிகளாக வரலாம். திரையில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. `len` ஒன்றுக்கு 6, மற்றொன்றுக்கு 7. எழுத்து எண்ணிக்கை நம் செயற்கூற்றில் எப்படியும் 3 தான், ஆனால் இரண்டையும் `==` கொண்டு ஒப்பிட்டால் `False` வரும், அகராதியில் தேடினால் சொல் கிடைக்காது. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டாம் வடிவத்தைப் பார்க்கலாம். `NFC` அதை ஒற்றைக் குறியாக்கிவிடுகிறது.

`NFC` காப்பாற்றாத இடமும் உண்டு. கௌதமன் என்பதைக் கெளதமன் என்று தட்டச்சு செய்கிறவர்கள் ஏராளம், அதாவது ௌ குறிக்குப் பதில் ெ போட்டு, பின்னால் ளகரம். கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ளகரம் முழு எழுத்து, ஒட்டுக்குறி அல்ல. எனவே 4 எழுத்துப் பெயர் 5 ஆகிவிடும். எல்லா ெள-வையும் ௌ ஆக மாற்றும் வரியை எழுதிவிடலாம் என்று தோன்றும், எழுதாதீர்கள். வெளி என்ற சொல்லில் இருப்பது உண்மையான ளகரம். அதையும் மாற்றிவிட்டால் ௌ-வின் பின்னால் ஒரு இகரக் குறி தொங்கிக்கொண்டிருக்கும், எந்தச் சொல்லும் ஆகாது. தேர்வில் இப்படி ஒரு தரவு வந்தால் `list` போட்டு ளகரத்தைக் காட்டி, உள்ளீட்டுப் பிழை என்று குறிப்பெழுதுவதே சரி.

வாய்மொழித் தேர்வில் என் நண்பர்களிடம் கேட்டவற்றையும் சேர்த்துத் தருகிறேன். அம்மா கோப்பில் எத்தனை பைட்? யூடிஎஃப்-8-இல் தமிழ்க் கோட் பாயின்ட் ஒவ்வொன்றும் 3 பைட், ஆகவே 15. சி மொழியின் `strlen` அந்த 15-ஐத்தான் தரும். ஜாவாஸ்கிரிப்டின் `length` 5 தரும். ஸ்விஃப்டின் `count` 3 தரும், ஏனென்றால் அது தானே ஒட்டுக்குறிகளைச் சேர்த்து எண்ணுகிறது. ஒரே சொல்லுக்கு மூன்று விடை, மூன்றும் சரி. கேள்வியில் நீளம் என்று மட்டும் இருந்தால் எதை எண்ணுகிறீர்கள் என்று நிரலின் முதல் வரியில் எழுதிவிடுங்கள்.

கடைசியாக ஸ்ரீ. ஸ்ரீரங்கம் என்பதற்கு நம் செயற்கூறு ஸ், ரீ, ர, ங், க, ம் என்று 6 தரும். கண்ணுக்கு ஸ்ரீ ஒரே எழுத்து, அப்படி எண்ணினால் 5. இதை நிரலின் குறை என்று நினைக்க வேண்டாம், எழுத்துக்கூட்டங்களைப் பிரிக்கும் யூனிகோட் பொது விதியும் ஸ்ரீயை இரண்டாகத்தான் பிரிக்கிறது. க்ஷ-வும் அப்படியே. ஒன்றாக எண்ணச் சொல்லிக் கேள்வி கேட்டால், பட்டியல் தயாரான பிறகு ஸ் அடுத்து ரீ, க் அடுத்து ஷ வரிசை வரும் இடங்களை இணைக்கத் தனியாக ஒரு மடக்கு எழுதுங்கள். ஸ்ரீயின் முதல் எழுத்தாகச் சிலர் ஸ-வுக்குப் பதில் ஶ பயன்படுத்துவார்கள், `NFC` அவற்றை ஒன்றாக்காது. அந்த மடக்கில் இரண்டையும் சோதியுங்கள்.