ஒரு வடமொழிச் செய்யுளின் விளிகள்: மொழிபெயர்ப்பு நாட்குறிப்பு

பிப்ரவரி 3

அமரு என்னும் கவிஞரின் வடமொழிக் காதற் செய்யுள் தொகுப்பான அமரு சதகத்திலிருந்து சில செய்யுள்களைத் தமிழாக்கி வருகிறேன். அமருவின் காலம் உறுதியாகத் தெரியவில்லை. ஆயினும் 9ஆம் நூற்றாண்டின் கவிதையியல் அறிஞர் ஆனந்தவர்த்தனர் அவரைப் பெயர் சொல்லிப் புகழ்வதால், அதற்கு முற்பட்டவர் என்று கொள்ளலாம். இன்று எடுத்துக்கொண்டது முழுக்க முழுக்க உரையாடலாகவே அமைந்த ஒரு செய்யுள்:

பாலே நாத விமுஞ்ச மானினி ருஷம் ரோஷான்மயா கிம் க்ருதம்
கேதோ'ஸ்மாஸு ந மே'பராத்யதி பவான் ஸர்வே'பராதா மயி
தத்கிம் ரோதிஷி கத்கதேன வசஸா கஸ்யாக்ரதோ ருத்யதே
நன்வேதன்மம கா தவாஸ்மி தயிதா நாஸ்மீத்யதோ ருத்யதே

ஊடியிருக்கும் மனைவியை அவன் அழைக்கிறான். அவள் மறுமொழி தருகிறாள். கோபத்தை விடு என்கிறான். கோபத்தால் நான் என்ன செய்துவிட்டேன் என்கிறாள். எனக்குத் துயரம் தந்தாய் என்கிறான். உம்மிடம் குற்றமில்லை, குற்றமெல்லாம் என்னிடமே என்கிறாள். அப்படியானால் ஏன் தழுதழுத்து அழுகிறாய் என்கிறான். யார் முன்னே அழுகிறேனாம் என்கிறாள். என் முன்னேதான் என்கிறான்; நான் உமக்கு யார் என்கிறாள். என் காதலி என்கிறான். அது நான் இல்லை, அதனால்தான் அழுகை என்கிறாள். மொத்தம் 12 பேச்சுகள், அடிக்கு 19 அட்சரமாக நான்கே அடிகள்.

இந்த உரைநடைச் சுருக்கத்தில் நான் பத்து முறை எழுதிய ‘என்கிறான்’, ‘என்கிறாள்’ என்னும் சொற்களில் ஒன்றுகூட மூலத்தில் இல்லை. ஓலைச் சுவடியில் மேற்கோள் குறியும் கிடையாது. பேசுபவர் மாறுவதை மூலம் எப்படிக் காட்டுகிறது என்று கண்டுகொண்டால்தான் தமிழில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்பது தெரியும்.

பிப்ரவரி 5

முதல் இரண்டு சொற்களே விடையைச் சொல்லிவிடுகின்றன. ‘பாலா’ என்னும் ஆகார ஈற்றுப் பெண்பாற் சொல் ஒருமை விளியில் ‘பாலே’ ஆகும். ‘நாத’ என்பது அகர ஈற்று ஆண்பாற் சொல். அதன் விளி உருபு ஏதுமின்றிப் பகுதி அளவிலேயே நிற்கும். ஆகவே ‘பாலே நாத’ என்று கேட்டவுடன், முதல் விளி ஒரு பெண்ணை நோக்கியது, இரண்டாவது ஓர் ஆணை நோக்கியது என்பது விளங்கிவிடுகிறது. ஒரே வாய் அடுத்தடுத்து இருவரை அழைக்கக் காரணமில்லை. எனவே வாய்தான் மாறியிருக்க வேண்டும். பிறகு வரும் ‘மானினி’ மீண்டும் பெண்பால் விளி. ஈகாரம் குறுகி இகரமாகியிருப்பதால் அது எழுவாய் அன்று, விளியே என்பதும் உறுதி. மூன்று விளிகளிலேயே இருவரும் தத்தம் இடத்தில் நிறுத்தப்பட்டுவிடுகிறார்கள். அதன்பின் செய்யுள் முடியும்வரை ஒரு விளிகூட இல்லை.

யாப்பும் துணை செய்கிறது. இந்தச் செய்யுளின் சந்தமான சார்தூலவிக்ரீடிதத்தில் 12ஆம் அட்சரத்துக்குப் பின் நிறுத்தம் உண்டு. முதல், மூன்றாம், நான்காம் அடிகளில் பேச்சு கைமாறும் இடங்களுள் ஒன்று மிகச் சரியாக அந்த நிறுத்தத்தில் விழுகிறது.

இதிலிருந்து எனக்குக் கிடைக்கும் முதல் விதி, தமிழில் முதல் மூன்று விளிகளிலும் பால் வெளிப்படத் தெரிய வேண்டும் என்பது. ‘பாலே’ என்பதற்கு ‘இளையாய்’ என்று எழுதிப் பார்த்தேன். ஓசை இனிது, பொருளும் நெருக்கம். ஆனால் தம்பியையும் அப்படி அழைக்கலாம். ‘பேதாய்’ என்பது சங்கப் பாட்டில் பொருந்தும். இன்றைய வாசகர் காதில் ‘அறிவிலியே’ என்று விழும். ‘சிறுமியே’ என்பது கொடுமை. காவிய வழக்கில் பாலா என்பவள் குழந்தையல்லள், இளமகள். ‘பெண்ணே’ என்பதில் இளமை குறைகிறது, ஆனால் பால் தெளிவாக நிற்கிறது. செய்யுள் அந்த இடத்தில் கேட்பது இளமையைவிடப் பாலைத்தான் என்பதால் ‘பெண்ணே’.

பிப்ரவரி 6

‘நாத’ என்பதை ‘நாதா’ என்று நீட்டினால் புராண நாடக மேடையில் திரை உயர்ந்துவிடும். ‘தலைவ’ இன்று கட்சிக்காரர்களுடையது. ‘அன்பரே’ கடிதத்தின் முதல் வரி. ‘அத்தான்’ என்றால் மூலத்தில் இல்லாத ஓர் உறவுமுறை நுழைந்துவிடுகிறது.

எஞ்சுவது ‘ஐய’. தொல்காப்பியத்தின் விளிமரபு, அன் ஈற்றுப் பெயர் விளியேற்கும்போது ஈறு ஆகாரமாகும் என்றும், அண்மையில் இருப்பவரை விளிக்கும்போது அகரமாகும் என்றும் பிரித்துச் சொல்கிறது: ‘ஐயா’ பொதுவானது, ‘ஐய’ அருகில் நிற்பவருக்கு. தொலைவில் உள்ளவரை அழைக்கும்போது ஓசை அளவிறந்து நீளும் என்றும் அந்நூல் கூறும். பாணினியும் தூரத்து அழைப்புக்கு ஈற்றுயிரை மூன்று மாத்திரையாக நீட்டச் சொல்கிறார். இங்கே அவன் அவள் எதிரிலேயே நிற்கிறான். குறில் ஈற்று ‘நாத’வுக்குக் குறில் ஈற்று ‘ஐய’ எல்லா வகையிலும் ஈடாகும். கோபத்தில் இருக்கும் மனைவி கணவனை ‘ஐயா’ என்பதில் உள்ள குத்தல் தமிழ் வீடுகளுக்குப் பழக்கமானதுதான். ஆனால் அந்தக் குத்தல் முதல் சொல்லிலேயே வெளிப்பட்டுவிடக் கூடாது. இங்கே அவள் காட்டுவது சில்லென்ற மரியாதை மட்டுமே.

பிப்ரவரி 10

‘மானினி’ என்னை இரண்டு மாலைகள் பிடித்து வைத்திருந்தது. அப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றும், ஏனெனில் தமிழ் அகராதியிலும் அந்தச் சொல் உண்டு. ஆனால் தமிழில் மானம் என்றால் தன்மதிப்பு, கவரிமான், உயிர் நீத்தல். வடமொழிக் காதற் கவிதையில் மானம் என்பது கலைச்சொல். நாம் ஊடல் என்று சொல்வதே அது. மானினி என்றால் மானம் உடையவள், அதாவது ஊடியிருப்பவள். அவன் அவளைப் பெயர் சொல்லியோ அன்பைச் சொல்லியோ அழைக்கவில்லை. அவள் அப்போது இருக்கும் நிலையையே அழைப்பாக்குகிறான். ‘சுடர்த்தொடீஇ’ என்று தோழியை அவள் அணிந்த தொடியால் அழைக்கும் கலித்தொகை மரபு நமக்கு உண்டு. நிலையால் அழைப்பதும் அதற்கு வெகு தூரமில்லை.

‘ஊடினாய்’ என்று எழுதினால், அது விளியா வினைமுற்றா என்று தெரியாது. ‘நீ ஊடினாய்’ என்ற குற்றச்சாட்டாகப் படிக்கவும் இடமுண்டு. ‘ஊடியவளே’ என்பதில் அந்தக் குழப்பம் இல்லை, பாலும் தெரிகிறது. அடுத்து வரும் ‘ருஷம்’ சினம். ஊடல் வேறு, சினம் வேறு. ‘ஊடியவளே, சினம் விடு’ என்னும்போது இரண்டும் தனித்தனியே நிற்கின்றன.

பிப்ரவரி 14

விளிகள் தீர்ந்தபின் செய்யுளை நடத்துவது ‘பவான்’. வடமொழி வினைமுற்றில் முன்னிலை ஒருமைக்கு மரியாதை வடிவம் தனியே இல்லை. மரியாதை வேண்டுமானால் ‘பவத்’ என்னும் சொல்லை இட்டு, வினையைப் படர்க்கையில் முடிக்க வேண்டும். ‘ந மே அபராத்யதி பவான்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் தந்தால் ‘பெரியவர் எனக்குக் குற்றம் செய்வதில்லை’ என்று வரும். எதிரில் நிற்பவனைப் படர்க்கைக்குத் தள்ளிவிடுகிறாள். அவனோ அடுத்த அடியில் ‘ரோதிஷி’ என்று நேர் முன்னிலையில், ‘அழுகிறாய்’ என்கிறான்.

தமிழில் இதற்கென்று ஒரு வசதி காத்திருக்கிறது. ‘நீ’, ‘நீர்’ வேறுபாடு பெயரில் மட்டுமல்லாமல் வினை ஈற்றிலும் ஓடுகிறது. திருக்குறளின் புலவி நுணுக்கத்தில் தலைவி, ‘யாருள்ளித் தும்மினீர்’ என்று கேட்டு அழுகிறாள். மரியாதைப் பன்மையும் கண்ணீரும் ஒரே மூச்சில். அவளுக்கு ‘நீர்’, அவனுக்கு ‘நீ’ என்று பங்கிட்டுவிட்டால், மூலத்தில் விளிகள் தாங்கிய சுமையில் பாதியைத் தமிழ் வினை ஈறுகளே தாங்கிக்கொள்ளும். ‘தாங்கள்’ போட்டால் விண்ணப்ப மணம் வந்துவிடும், ‘நீர்’ போதும்.

‘ருத்யதே’ இன்னொரு நுட்பம். ‘ஏன் அழுகிறாய்’ என்ற கேள்விக்கு அவள் ‘அழுகிறேன்’ என்று ஒருமுறைகூடச் சொல்வதில்லை. எழுவாயே இல்லாத செயப்பாட்டு வடிவில் ‘அழப்படுகிறது’ என்கிறாள். அது தமிழில் விறைத்துப்போகும். ‘யார்முன் அழுகிறதாம்?’ என்பதிலும் ‘அழுகை’ என்ற தொழிற்பெயரிலும் ‘நான்’ அதேபோல் மறைந்துகொள்கிறது.

பிப்ரவரி 17

மேற்கோள் குறிகளையெல்லாம் நீக்கிய வரைவை ஒரு நண்பரிடம் கொடுத்து, பேசுபவர் மாறும் இடங்களில் கோடு போடச் சொன்னேன். அவருக்கு வடமொழி தெரியாது. அதனால்தான் அவரிடம் கொடுத்தேன். ஓரிடம் தவிர எல்லாம் சரியாக வந்தன. ‘கேதோ அஸ்மாஸு’ என்பதற்கு நான் எழுதியிருந்த ‘எமக்கு வருத்தம்’ என்பதை அவர் பெண்ணின் பேச்சோடு சேர்த்துவிட்டார். மூலத்தில் அவன் தன்னைப் பன்மையில் ‘எம்மிடம்’ என்று சொல்ல, அவள் ஒருமையில் ‘மே’, ‘மயி’ என்று சொல்வதே வேறுபாட்டைக் காட்டுகிறது. தமிழில் அது போதாது, ஏனெனில் குறளின் தலைவியும் ‘எம்மை மறைத்திரோ’ என்பாள். ‘எம்மை வருத்தினாய்’ என்று வினையாக்கினேன். ‘ஆய்’ ஈறு வந்ததும் பேச்சு அவனுடையதாகிவிடுகிறது. ‘என்ன செய்தேன்’ என்ற கேள்விக்கு நேர் விடையாகவும் அமைகிறது.

பிப்ரவரி 19

கடைசி அடியில் விளி போலத் தோன்றி விளி ஆகாத ஒரு சொல் இருக்கிறது: ‘தயிதா’, அதாவது காதலி. விளியாக இருந்தால் ‘தயிதே’ என்று வந்திருக்கும். அவன் தொடக்கத்திலேயே அப்படி அழைத்திருக்கலாம். அழைத்ததோ இளமையையும் ஊடலையும் சுட்டும் இரண்டு சொற்களால். அவள் ‘கா தவாஸ்மி’, உமக்கு நான் யார் என்று கேட்டு வற்புறுத்திய பிறகே அந்தச் சொல் வெளிவருகிறது. அதுவும் அழைப்பாக இல்லாமல், கேள்விக்கு விடையாக, எழுவாய் வேற்றுமையில் வருகிறது. எனவே மொழிபெயர்ப்பில் ‘காதலியே’ என்று எழுதிவிட்டால் செய்யுளே சாய்ந்துவிடும். முதல் அடியில் ‘அன்பே’, ‘கண்ணே’ என்று அலங்கரிப்பதும் அதே அளவு கெடுதல். கடைசி அடிக்காகச் சேர்த்து வைத்ததை அங்கேயே செலவழிப்பதாகும்.

அவள் மறுப்பு ‘ந அஸ்மி’. ‘இல்லை’ என்று தமிழில் போட்டால் யார் எது இல்லை என்பது மங்கிவிடும். இதற்கு நம்மிடம் ‘அல்லேன்’ இருக்கிறது: மறுப்பும் தன்மை ஒருமையும் ஒரே சொல்லில். பழஞ்சொல்தான், ஆனால் புரியாத சொல் அன்று. அழுகையில் தன்னை ஒளித்துக்கொண்டவள் தன்னிலையோடு வெளிப்படும் இடம் இது என்பதால், ‘ஏன்’ ஈறு இங்கே கட்டாயம் வேண்டும்.

அச்சில் பேச்சுக்கு ஒரு வரி என்று உடைத்தால் நாடகப் பிரதி போலாகி, மூலத்தின் வேகம் போய்விடும். மேற்கோள் குறிகளோடு நான்கே அடியாக அனுப்புகிறேன்:

“பெண்ணே!” “ஐய!” “ஊடியவளே, சினம் விடு.” “சினந்து நான் செய்தது என்ன?”
“எம்மை வருத்தினாய்.” “நீர் எனக்குப் பிழை செய்யவில்லை, பிழையெல்லாம் என்னிடமே.”
“பின் ஏன் குரல் தழுதழுக்க அழுகிறாய்?” “யார்முன் அழுகிறதாம்?”
“என்முன்தானே!” “உமக்கு நான் யார்?” “காதலி.” “அல்லேன், அதனால்தான் அழுகை.”