எந்தப் பல்லு?

முதல் ஐவிஎஃப் சிகிச்சையின்போது ஆபீஸில் பல்வலி என்று சொல்லி வைத்தேன். மூன்றாவது ஸ்கேனுக்குள் அது ரூட் கேனல் வரை போய்விட்டது. ஒருநாள் பக்கத்து சீட் தோழி "எந்தப் பல்லு?" என்று கேட்க, இடது கன்னத்தைத் தொட்டேன். போன வாரம் வலதைத் தொட்டிருந்தேனாம்.

இந்தச் சிகிச்சையில் முன்கூட்டியே லீவு எழுதித் தர வழியில்லை. மாதவிலக்கின் 2ஆம் நாள் ஸ்கேனோடு தொடங்கும். பீரியட்ஸ் எந்தத் தேதியில் வரும் என்று யார் கண்டது? பிறகு 10 நாள் போல தினமும் ஊசி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை காலையில் ஸ்கேன். சினைப்பையில் கருமுட்டை வளரும் நுண்பைகள் எவ்வளவு வளர்ந்திருக்கின்றன என்று பார்த்த பிறகுதான் அடுத்த தேதியே சொல்வார்கள்.

அந்த முறை பலிக்கவில்லை. அடுத்த முறை, தொடங்கும் முன்பே மேலாளரிடம் தனியாகப் பேசினேன். "ஒரு ட்ரீட்மென்ட் எடுக்கறேன் சார். அடுத்த மூணு வாரத்துல நாலஞ்சு நாள் காலையில ரெண்டு மணி நேரம் லேட்டா வருவேன். எந்த நாள்னு முந்தின நாள்தான் தெரியும். ஒருநாள் முழு லீவு வேணும். என்ன ஏதுன்னு இப்ப சொல்ல வேண்டாம்னு நினைக்கறேன்." அவர் "பயப்படற மாதிரி ஒண்ணுமில்லையே?" என்றார். இல்லை என்றேன். பொய் சொல்லாததால் எதையும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. எல்லா மேலாளரும் இத்தோடு விடமாட்டார்கள் என்பதும் தெரியும்.

நேரம் தவறவே கூடாதது, முட்டைகளை முதிரவைக்கும் ட்ரிகர் ஊசிதான். அதைப் போட்டு 36 மணி நேரம் போலக் கழித்து கருமுட்டைகளை எடுப்பார்கள். தாமதித்தால் அவை தானாகவே வெளியேறிவிடலாம். எனக்குச் சொன்ன நேரம் செவ்வாய் இரவு 10.30. பத்து மணிக்கு ஆபீஸ் கால் ஒன்று இருந்தது. கேமராவை அணைத்து, மைக்கையும் ம்யூட் செய்து, வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து ஊசியை இறக்கும்போது காதில் யாரோ பட்ஜெட் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

வியாழன் காலை 10.30க்கு மயக்க மருந்து கொடுத்து முட்டைகளை எடுத்தார்கள். லீவுக்கு நீட்டிய சான்றிதழின் தலைப்பிலேயே 'கருத்தரிப்பு மையம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இதைக் கொடுப்பதற்கு நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடலாம். டாக்டரிடம் கேட்டதும் அந்த மையத்தை நடத்தும் மருத்துவமனையின் பொதுத் தாளில் 'சிறு அறுவை சிகிச்சை, ஒருநாள் ஓய்வு' என்று மட்டும் எழுதித் தந்தார். கேட்காமல் இருந்திருந்தால் தந்திருக்க மாட்டார்.

கருவைக் கருப்பையில் வைத்து இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை. முடிவை மாலை ஆறுக்கு மேல் சொல்லுங்கள் என்று எழுதிக்கூடக் கொடுத்திருந்தேன். பகல் 11.40க்கு, மீட்டிங் நடுவில், மேசை மேல் போன் அதிர்ந்தது. மையத்தின் எண்ணை 'லோன் பேங்க்' என்று பதிந்திருந்தேன். எட்டிப் பார்த்த தோழி, "இவனுங்க விடவே மாட்டானுங்க, கட் பண்ணு" என்றாள்.

கட் பண்ணினேன்.